வீசுற காற்று கூரையை அமுக்கணும்தானே... ஏன் தூக்குது?

புயல் நேரத்தில் வாட்ஸ்அப்பில் தவறாமல் சுற்றும் வீடியோ ஒன்று உண்டு. மாடியில் போட்ட தகர ஷெட் முதலில் லேசாகப் படபடக்கும். ஒரு மூலை எழும்பும். அடுத்த சில நொடிகளில் மொத்தக் கூரையும் பாயைச் சுருட்டுவது மாதிரி சுருண்டு அடுத்த தெருவில் போய் விழும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் டெல்டா மாவட்டங்கள் இந்தக் காட்சியை ஊர் ஊராகப் பார்த்தன.

இதில் ஒரு விஷயம் இடிக்கும். காற்று பக்கவாட்டில்தானே வீசுகிறது? அப்படியென்றால் சுவரைத்தானே அது தள்ள வேண்டும்? கூரையை மேல்நோக்கி இழுப்பது யார்?

பதில்: யாரும் இழுக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கும் காற்றுதான் கீழேயிருந்து தள்ளுகிறது.

தலைக்கு மேல் 960 கிலோ

நம்மைச் சுற்றி இருக்கும் காற்றுக்கு எடை உண்டு. கடல் மட்டத்தில் அது ஒவ்வொரு சதுர அடி மீதும் ஏறக்குறைய 960 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அழுத்துகிறது. இவ்வளவு பெரிய விசையைத் தகர ஷீட் எப்படித் தாங்குகிறது? மேலேயிருந்து அழுத்தும் அதே அளவுக்குக் கீழேயிருந்தும் காற்று அழுத்துகிறது. இரண்டும் சமம் என்பதால், ஷீட்டுக்கு எதுவுமே தெரிவதில்லை.

இப்போது மேல்பக்கம் மட்டும் இந்த அழுத்தம் அரை சதவீதம் குறைந்தால் என்ன ஆகும்? சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ விசை கீழேயிருந்து மேலே தள்ளும். கேட்க சின்ன நம்பர்தான். ஆனால் சாதாரண தகர ஷீட்டின் எடை சதுர அடிக்கு அரை கிலோகூட கிடையாது. கீழே தாங்கும் பைப்புகளையும் சேர்த்தால் ஒரு கிலோ வரும். மேலே அந்த அரை சதவீதத்தைக் குறைப்பதுதான் காற்றின் வேலை.

வேகம் கூடினால் அழுத்தம் ஏன் குறைகிறது?

வீசும் காற்றுக்குக் குறுக்கே ஒரு வீடு நிற்கிறது. சுவரில் மோதிய காற்று பக்கவாட்டிலும் மேலேயும் வழி தேடுகிறது. மேலே ஏறும் காற்று, ஏற்கெனவே அங்கே போய்க்கொண்டிருக்கும் காற்றோடு சேர்ந்து கூரை விளிம்பைத் தாண்ட வேண்டும். குறுகலான இடத்தில் கூடுதல் காற்று போக வேண்டுமென்றால் அது வேகமெடுத்தே ஆக வேண்டும். ஆறு குறுகும் இடத்தில் தண்ணீர் விரைந்து ஓடுவது மாதிரிதான்.

நின்ற இடத்திலேயே எதுவும் தானாக வேகமெடுக்காது. பின்னாலிருந்து ஒரு தள்ளு வேண்டும். காற்றைப் பொறுத்தவரை அந்தத் தள்ளு அழுத்த வித்தியாசம்தான். பின்னால் அழுத்தம் அதிகமாகவும் முன்னால் குறைவாகவும் இருந்தால்தான் காற்று முன்னோக்கி விரையும். ஆக, காற்று வேகமெடுத்துச் சேரும் இடத்தில் அழுத்தம் குறைவாக இருந்தே தீரும். சுவிஸ் கணித மேதை டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய தத்துவம் இது. பள்ளி இயற்பியலில் எல்லோரும் கடந்து வந்த அதே பெர்னூலி.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும். ‘வேகமான காற்று என்றாலே அழுத்தம் குறைவு’ என்று பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அது முழுசா சரியில்லை. ஒரே காற்றோட்டம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது வேகமெடுத்தால், அந்த இரண்டாவது இடத்தில் அழுத்தம் குறையும். கூரைக்கு மேல் நடப்பது அதுதான்.

ஒரு 300 சதுர அடி கூரையின் கணக்கு

20 அடி நீளம், 15 அடி அகலம், லேசான சரிவோடு தகரக் கூரை போட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். புயல் காற்று மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் வருகிறது, அதாவது நொடிக்கு 33.3 மீட்டர். கூரைக்கு மேல் ஏறும்போது வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடி மணிக்கு 160 கி.மீ. ஆகிறது என்று வைப்போம். அது நொடிக்கு 44.4 மீட்டர். இனி பெர்னூலி சூத்திரம்:

Δp = 0.6 × (44.4² − 33.3²) ≈ 520 Pa

இதில் 0.6 என்பது காற்றின் அடர்த்தியில் பாதி. 520 பாஸ்கல் என்றால், சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ. கூரை 300 சதுர அடி. மொத்தத் தூக்கு விசை 1,500 கிலோ. கூரையின் எடையோ ஷீட், பைப் எல்லாம் சேர்த்து 300 கிலோ. ஒன்றரை டன் மேலே தள்ள, 300 கிலோ கீழே இழுக்கிறது. மீதி 1,200 கிலோவை ஸ்க்ரூவும் போல்ட்டும்தான் பிடித்து நிற்க வேண்டும்.

அதே இடத்தில் ஐந்து அங்குல கான்கிரீட் தளம் இருந்தால் அதன் எடை சதுர அடிக்கு ஏறக்குறைய 29 கிலோ. 5 கிலோ தூக்கு விசையை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. மாடி வீடு அசையாமல் நிற்க, பக்கத்து ஷெட் மட்டும் பறப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

சூத்திரத்தில் வேகம் இருமடியாக வருவதையும் கவனியுங்கள். காற்று பாதியாக, மணிக்கு 60 கி.மீ.க்குக் குறைந்தால் தூக்கு விசை பாதியாகாது, கால்வாசியாகும். அதாவது சதுர அடிக்கு 1.25 கிலோ. அப்போதும் அது கூரையின் எடையைவிட அதிகம். புயலே இல்லாத கோடை மழைக் காற்றில்கூட ஷீட்கள் படபடவென்று அடித்துக்கொள்வது இதனால்தான்.

கதவு திறந்தால் கதையே வேற

இதுவரை போட்டது கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திய வீட்டின் கணக்கு. காற்று வரும் பக்கத்துக் கதவு பிய்த்துக்கொண்டால்?

மணிக்கு 120 கி.மீ. காற்று ஒரு சுவரில் மோதி நின்றால், சதுர அடிக்கு 6 கிலோவுக்கும் மேல் அழுத்தம் ஏறும். எதிர்ப்பக்கம் வெளியேற வழியில்லாமல் கதவு திறந்தால், அதில் பெரும்பகுதி வீட்டுக்குள் நுழைந்துவிடும். பலூனை ஊதுவது மாதிரி வீடு உள்ளேயிருந்து ஊதப்படும். மேலே 5 கிலோ குறைவு, கீழே நாலரை கிலோ கூடுதல். இரண்டும் ஒரே திசையில் சேர்வதால் 300 சதுர அடிக்குத் தூக்கு விசை கிட்டத்தட்ட 2,850 கிலோ ஆகிவிடும்.

‘ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று வந்துபோகும், கூரை தப்பிக்கும்’ என்று ஊரில் சொல்வார்கள். காற்று வரும் பக்கம் திறந்தால் நடப்பது நேர் எதிர். புயல் கண் கடந்த பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து வரும் என்பதால், எந்தப் பக்கம் ‘காற்று வராத பக்கம்’ என்பதும் ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடும். எல்லாவற்றையும் தாழ்ப்பாள் போட்டுச் சாத்தி வைப்பதே பாதுகாப்பு.

முதலில் எழும்புவது ஏன் மூலை?

சதுர அடிக்கு 5 கிலோ என்பது கூரை முழுக்கச் சராசரி. விளிம்பைத் தாண்டும் காற்றால் அங்கே சட்டென்று வளைய முடியாது. அது கூரையை விட்டுப் பிரிந்து சுழலும். இந்தச் சுழல் மூலைகளில் இன்னும் கடுமையாக இருக்கும். அங்கே தூக்கு விசை சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். வெளியே நீட்டிய தாழ்வாரம் இருந்தால் அதன் அடியிலும் காற்று முட்டித் தள்ளும்.

நம் 300 சதுர அடி கூரையில் மொத்தம் 40 ஸ்க்ரூ என்றால் ஒவ்வொன்றும் சராசரியாகச் சுமார் 37 கிலோ தாங்க வேண்டும். கதவு திறந்துகொண்ட நிலையில் மூலைக்கு அருகே இருக்கும் ஸ்க்ரூ மீது 100 கிலோவைத் தாண்டிவிடும். அது விட்டால் அதன் சுமை பக்கத்து ஸ்க்ரூவுக்குப் போகும். பிறகு அதுவும் விடும். வீடியோவில் பாய் மாதிரி சுருள்வது இந்த வரிசைதான்.

பெரும்பாலும் ஸ்க்ரூ உடைவதில்லை. ஸ்க்ரூ இருந்த இடத்திலேயே இருக்க, ஷீட் அதைச் சுற்றிக் கிழிந்து மேலே போய்விடும். 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் துவம்சம் செய்த ‘ட்ரேசி’ புயல் இதற்குப் பெரிய பாடம். ஒரே பெரிய வீச்சில் கூரைகள் போகவில்லை. விட்டு விட்டு வீசிய காற்றில் ஷீட் ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் அசைந்து, ஸ்க்ரூ தலையைச் சுற்றி விரிசல் விட்டுக் கிழிந்தது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போல. அதன் பிறகு கூரை ஷீட்களைத் திரும்பத் திரும்ப அசைத்துச் சோதிக்கும் முறை அங்கே கட்டட விதிகளுக்குள் வந்தது.

கல் வைத்தால் போதுமா?

ஷீட் மேல் டயர், செங்கல், மணல் மூட்டை வைப்பது நம்மூர் வழக்கம். கணக்கு ஒத்துவராது. மீதி 1,200 கிலோவை ஈடுகட்ட 50 கிலோ மூட்டை 24 வேண்டும். அத்தனையையும் அந்த ஷீட்டே தாங்காது. ஷீட் எழும்பினால் மேலே இருக்கும் செங்கல் தெருவில் போகிறவர் தலைக்குத்தான் ஆபத்து.

பிடிப்புதான் முக்கியம். ஷீட்டை ஸ்க்ரூ குறுக்குப் பைப்போடு பிடிக்கிறது, குறுக்குப் பைப்பைத் தூண் பிடிக்கிறது, தூணைச் சுவரோ தளமோ பிடிக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அங்கேதான் அறும். ஸ்க்ரூ எல்லாம் பக்காவாக இருந்து, தூணை நாலு அங்குலக் கைப்பிடிச் சுவரில் சொருகியிருந்தால், சுவரையும் பெயர்த்துக்கொண்டு ஷெட் முழுதாகக் கிளம்பும். தூணின் அடித்தகடு, கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறங்கியிருக்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு முன் ஏணி வைத்து ஏறினால் பார்க்க வேண்டியவை இவை. ஸ்க்ரூ ஓட்டை வட்டமாக இல்லாமல் நீண்டிருக்கிறதா? ரப்பர் வாஷர் காணாமல் போய் அந்த இடத்தில் துருவளையம் இருக்கிறதா? மூலை ஷீட்டைக் கையால் தூக்கினால் ஆடுகிறதா? பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஜெ வடிவ ஹூக் நிமிரத் தொடங்கியிருக்கிறதா? அப்படியிருந்தால் அங்கே யு போல்ட் மாற்றுவது நல்லது. ஹூக் ஒரு பக்கம் திறந்திருப்பதால் இழுவையில் நிமிர்ந்து கொடுத்துவிடும், யு போல்ட் பைப்பைச் சுற்றிப் பிடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் மட்டும் நேரடியாகக் கால் வைக்க வேண்டாம், உடைந்துவிடும்.

கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால், கூரை முழுக்க நாலு ஸ்க்ரூ கூடுதலாகப் போடுவதைவிட, மூலைகளிலும் விளிம்புகளிலும் ஸ்க்ரூக்களை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். காற்று முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.