வழுவழுத்த காளானைச் சமைக்கலாமா?

மொட்டுக் காளான் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் நான்கு நாள் வைத்தால் சில காளான்கள் பழுப்பாகும், சில வழுவழுக்கும். இரண்டும் ஒன்றல்ல.

நசுங்கிய இடத்தில் நொதிகள் காற்றோடு சேர்வதால் வருவது பழுப்பு நிறம். தொட்டால் உலர்வாக, கெட்டியாக, மண்வாசனையோடு இருந்தால் அன்றே சமைத்துவிடலாம். வழுவழுப்பு அப்படியல்ல. காளானில் 90 சதவீதம் நீர்தான். அது பிளாஸ்டிக் உறைக்குள் வியர்க்க, அந்த ஈரத்தில் பாக்டீரியா பெருகிப் படலமாகப் படிகிறது. கூடவே கரும்புள்ளியும் புளித்த வாடையும் வரும்.

கழுவி நன்றாகக் கொதிக்கவைத்தால் போதாதா? கொதியில் பெரும்பாலான கிருமிகள் சாகும். சில கிருமிகள் முன்பே விட்டுச்சென்ற நஞ்சு சாகாது. 1989இல் அமெரிக்காவில் சீனத் தயாரிப்பான டின் காளானைச் சாப்பிட்டவர்கள் நோயுற்றார்கள். டின்களை அடைக்கும்போது கொடுத்த கடும் சூட்டையும் ஸ்டஃபைலோகாக்கஸ் நஞ்சு தாங்கியிருந்தது. வழுவழுத்த ஒவ்வொரு காளானிலும் அந்த நஞ்சு இருக்கும் என்பதில்லை. ஆனால் பார்த்தோ முகர்ந்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது.

வாங்கியதும் கழுவாமல் காகிதப் பைக்கு மாற்றுங்கள். வழுவழுத்ததைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.