வியர்வை போகட்டும், மடிப்பு இருக்கட்டும்

சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் எடுத்த கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால், பெண்ணின் அப்பாவை அக்குளில் கருத்த சட்டையோடுதான் பார்க்க முடியும். காலையிலிருந்து ஓடியாடியவர் அட்சதை போடக் கையைத் தூக்கிய நொடியில் கேமரா சொடுக்கியிருக்கும். இளநீலமோ சாம்பலோ கட்டிய சட்டையென்றால் ஈரம் இன்னும் பளிச்சென்று தெரியும். வீட்டார் ஸ்டுடியோவில் கேட்பதும் நியாயமான ஒன்றுதான்: "அந்தக் கறையை மட்டும் எடுத்துடுங்க தம்பி."

பல ஆல்பங்களில் கறையோடு சட்டையும் போய்விடுகிறது. அக்குளில் மடிப்பே இல்லாமல், ஒரே நீலத்தைப் பூசியதுபோல ஒரு திட்டு நிற்கிறது. ஈரம் என்பது துணியின் மேல் படிந்த சாயம், அதை வேறொன்றால் மூடவேண்டும் என்று நினைப்பதால் வரும் வினை இது.

உலர்ந்த பருத்தித் துணியில் நூலிழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. விழும் ஒளி, இழையும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் சிதறி, பெரும்பகுதி நம் கண்ணுக்கே திரும்பிவிடுகிறது. துணி வெளிறித் தெரிவது அதனால்தான். வியர்வை அந்த இடைவெளிகளை நிரப்பினால் சிதறல் குறைகிறது. காற்றைவிட நீர், ஒளியை வளைக்கும் தன்மையில் இழைக்கு நெருக்கமானது. ஒளி உள்ளே ஆழமாகப் போய், சாயத்தைப் பலமுறை தொட்டுவிட்டுக் குறைந்த அளவில் வெளியே வருகிறது. ஆகவே நனைந்த இடம் கருக்கிறது, நிறமும் அடர்கிறது. மடிப்பு, தையல், நூலின் வரி எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன, குறைந்த வெளிச்சத்தில். மூடவேண்டியது எதுவுமில்லை, அந்த இடத்தைச் சரியான அளவில் வெளுக்கவைத்தால் போதும்.

போட்டோஷாப்பில் இதற்கு உரிய கருவி Curves. கிம்ப்பிலும் அதே பெயரில் உண்டு. அங்கே படத்தை ஒரு லேயராக நகலெடுத்து, அந்த நகலில் செய்து, மாஸ்க் போட்டுக்கொள்ளலாம்.

இளநீலச் சட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் வேலை அளப்பது. ஐட்ராப்பரை 5க்கு 5 பிக்சல் சராசரியில் வைத்து, ஈரத்துக்குச் சற்று வெளியே, வெளிச்சம் ஒரே மாதிரி விழும் இடத்தில் தொடுங்கள். சிவப்பு 150, பச்சை 180, நீலம் 215 என்று வருகிறது. ஈரத்துக்குள் அதே சாய்வில் உள்ள இடத்தில் 95, 125, 175. அடுத்து மடிப்பின் நிழலில் இன்னொரு ஜோடி வேண்டும்: உலர்ந்த நிழல் 100, 125, 160; நனைந்த நிழல் 60, 80, 120. வெளிச்சத்தோடு வெளிச்சத்தையும் நிழலோடு நிழலையும் ஒப்பிடுவதில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. உலர்ந்த வெளிச்சத்தோடு நனைந்த நிழலை ஒப்பிட்டால், மடிப்பையும் கறையாக எண்ணி அழித்துவிடுவோம்.

இப்போது லாசோவால் ஈரத்தைச் சுற்றித் தேர்ந்தெடுத்து, ஓரத்துக்குச் சிறிது Feather கொடுத்து, Curves லேயரைச் சேர்த்தால் அந்தத் தேர்வே மாஸ்க்காக மாறிவிடும். சிவப்பு சேனலில் 95ஐ 150க்கும் 60ஐ 100க்கும் ஏற்றுங்கள். பச்சையில் 125 போய் 180க்கு வரட்டும், 80 போய் 125க்கு. நீலத்தில் 175ஐ 215க்கும், 120ஐ 160க்கும். வெளிச்சத்தில் சிவப்பு 55 ஏறியது, நீலம் 40தான். மூன்றையும் ஒரே அளவில் ஏற்றினால் கருமை போகும், ஆனால் ஈரத்தால் அடர்ந்த நீலம் அப்படியே தங்கி, சட்டையில் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். கறையை எடுத்த பிறகும் "என்னவோ சரியில்லை" என்று தோன்றும் படங்களில் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு புள்ளிகள் கொடுத்திருப்பதால் மடிப்பின் நிழலும் தன் பழைய ஆழத்துக்கு வருகிறது.

நேரம் பிடிப்பது ஓரத்தில்தான். நனைந்த பகுதி சட்டென்று முடிவதில்லை; சில பிக்சல்களுக்கு மெல்ல மங்கி உலர்ந்த துணியோடு கலக்கிறது. மாஸ்க்கின் ஓரமும் அதே அகலத்தில் மங்கவேண்டும். மாஸ்க் உள்ளே சுருங்கியிருந்தால் கரிய வளையம் மிஞ்சும், வெளியே வழிந்திருந்தால் வெளிறிய வளையம் தோன்றும். இரண்டையும் மென்மையான பிரஷ், 10 சதவீத ஃப்ளோ கொண்டு மாஸ்க்கிலேயே திருத்தலாம்: கரிய வளையத்தில் வெள்ளை, வெளிறியதில் கறுப்பு. ஈரம் தையலோடு நின்றுவிட்ட இடத்தில் மட்டும் ஓரம் கூர்மையாக இருக்கட்டும். அங்கே மங்கவைத்தால் தையலுக்கு அந்தப்பக்கத் துணியும் வெளுத்துவிடும்.

கடைசியில் மெல்லிய கரிய கோடு மிஞ்சினால் Clone Stamp எடுக்கலாம். அதன் மோடை Lighten ஆக மாற்றிக்கொண்டால், எடுக்கும் இடத்தைவிடக் கருத்த பிக்சல்கள் மட்டுமே மாறும். பக்கத்து நூல்வரி தப்பிக்கும். உப்பு காய்ந்து வெள்ளைக்கோடு விழுந்திருந்தால் மோடு Darken. மாதிரி எடுக்கும் புள்ளி அதே மடிப்பின் நீளவாக்கில் இருக்கவேண்டும். குறுக்கே எடுத்தால் மடிப்பு உடையும். மறு அக்குள் உலர்ந்திருக்கிறதே என்று அதை வெட்டிக் கண்ணாடிபோலத் திருப்பி ஒட்டுவோர் உண்டு. விளக்கு இடப்பக்கம் இருக்க, ஒட்டிய துண்டின் மடிப்புகள் வலப்பக்கம் வெளிச்சம் வாங்கி நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, கண் மட்டும் அங்கேயே தடுக்கும்.

சரிபார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக இன்னொரு Curves வைத்து, கோட்டை மிகச் செங்குத்தாக இழுங்கள். சாதாரணமாகத் தெரியாத திட்டுகள் அதில் எழுந்து நிற்கும். திருத்திவிட்டு அந்த லேயரை நீக்கிவிடலாம்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. இருட்டை ஏற்றும்போது அதிலுள்ள புள்ளிச்சலனமும் ஏறும். ரா கோப்பு இருந்தால் 16 பிட்டில் செய்வது நல்லது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் ஏற்றினால் சுருக்கத்தின் சதுரக் கட்டங்கள் வெளிவந்துவிடும். வெள்ளைச் சட்டை வேறு கதை. நனைந்த வெள்ளைத்துணி ஊடுருவித் தெரிவதால் உள்ளிருக்கும் தோலின் நிறமும் கலந்திருக்கும். அங்கே நீல சேனல்தான் அதிகம் ஏறவேண்டியிருக்கும். முதுகோடு ஒட்டிக்கொண்ட சட்டையில் நிறத்தைச் சரிசெய்தாலும் ஒட்டிய வடிவம் மாறாது. அந்தப் படத்தைத் தவிர்த்து அடுத்த ஃப்ரேமை ஆல்பத்தில் வைப்பதே என் தேர்வு. செய்திப் படமென்றால் எதையுமே தொடக்கூடாது. வெயிலில் நின்றவர் வியர்த்திருந்தார் என்பதும் அந்தச் செய்திதான்.

இன்னொன்று, ஈரத்தை நூறு சதவீதம் எடுக்கவேண்டாம். அக்குள் இயல்பாகவே நிழல் விழும் இடம். கையைத் தூக்கியிருந்தாலும் அங்கே கொஞ்சம் கருமை இருக்கும். Curves லேயரின் ஒப்பாசிட்டியை 90க்கு இறக்கிப் பாருங்கள். பெரும்பாலான படங்களில் அங்கேதான் சட்டை இயல்பாகத் தெரியத் தொடங்கும்.