இணைப்பு இருக்கிறது, பதில்தான் வரவில்லை

அமேசான் வெப் சர்வீசஸில் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கினால், பெரும்பாலும் ஒவ்வொரு பிராந்தியத்திலும் ஒரு தனியார் வலைப்பின்னலை அவர்களே தயாராக வைத்துத் தருகிறார்கள். வி.பி.சி. என்பது அதன் பெயர். நம்முடைய சர்வர்களும் டேட்டாபேஸ்களும் அதற்குள்தான் குடியிருக்கும். இந்த வலைப்பின்னலின் முகவரி வரம்பு 172.31.0.0/16. மும்பையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் அதே எண்தான். உங்கள் கணக்கிலும் அதுதான், உங்கள் போட்டி நிறுவனத்தின் கணக்கிலும் அதுதான்.

தனித்தனியாக இருக்கும்வரை இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கி, இரண்டின் கணினிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டிய நாள் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இதற்காகவே 2014இல் 'வி.பி.சி. பியரிங்' என்ற வசதியை அமேசான் கொண்டுவந்தது. பொது இணையத்தின் பக்கம் போகாமலேயே இரண்டு தனியார் வலைப்பின்னல்கள் நேரடியாகத் தகவல் பரிமாறிக்கொள்ள இது உதவும். ஆனால் இரு பக்கமும் 172.31.0.0/16 என்றிருந்தால், இணைக்கச் சொன்ன உடனே திரையில் `failed` என்று வந்துவிடும்.

எண்ணின் கடைசியில் இருக்கும் /16 என்பது வரம்பின் அளவைச் சொல்கிறது. ஐ.பி. முகவரி ஒன்றில் 32 பிட்டுகள் உண்டு. அதில் முதல் 16 மாறாது, மீதி 16 மாறலாம் என்று பொருள். ஆக 172.31.0.0 முதல் 172.31.255.255 வரை 65,536 முகவரிகள் அந்த வலைப்பின்னலுக்குச் சொந்தம். தனியார் பயன்பாட்டுக்கென்று எந்தெந்த முகவரிகளை எடுத்துக்கொள்ளலாம் என்பதை 1996இல் வெளியான ஆர்.எப்.சி. 1918 என்ற இணைய ஆவணம் வகுத்தது. 10, 172.16, 192.168 ஆகியவற்றில் தொடங்கும் மூன்றே தொகுதிகள். உலகம் முழுக்க எல்லோரும் அந்த மூன்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். பயிற்சிக் கையேட்டில் பார்த்த 10.0.0.0/16 என்ற எண்ணையே பலரும் அப்படியே தட்டச்சு செய்துவிடுவதால் மோதல் இன்னும் கூடுகிறது.

மோதினால் ஏன் இணைக்க முடியாது? ஒவ்வொரு வி.பி.சி.யிலும் ரூட் டேபிள் என்ற வழி அட்டவணை இருக்கிறது. இன்ன முகவரிக்குப் போகும் தகவலை இந்தப் பக்கம் அனுப்பு என்று அதில் எழுதியிருக்கும். அதன் முதல் வரி `local` என்பது. தன் சொந்த வரம்புக்குள் வரும் முகவரிகள் எல்லாம் தன் வீட்டிலேயே இருக்கின்றன என்று அது சொல்கிறது. இரண்டு ஊர்களிலும் காந்தி தெரு 12ஆம் எண் வீடு இருந்து, கடிதத்தின் மேல் ஊர்ப் பெயரே எழுதப்படாவிட்டால், தபால்காரர் தன் ஊர்க் காந்தி தெருவில்தானே கொண்டுபோய்ப் போடுவார்? அதுபோலத்தான் 172.31.5.9 என்ற முகவரிக்கு அனுப்பும் தகவல் எப்போதும் சொந்த வலைப்பின்னலுக்குள்ளேயே சுற்றும். முழுதாக மோத வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு பக்கம் 10.0.0.0/16, மறுபக்கம் அதற்குள் அடங்கிய 10.0.128.0/17 என்றாலும் இணைப்பு மறுக்கப்படும்.

இந்தப் பிழையில் ஒரு நல்ல குணம், அது முதல் நொடியிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அடுத்த பிழை அப்படி இல்லை.

கடை நடத்தும் செயலியின் சர்வர் 10.20.0.0/16 என்ற வலைப்பின்னலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முகவரி 10.20.1.15. கணக்குப் பிரிவின் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் சர்வர் 10.30.0.0/16 என்ற வலைப்பின்னலில், 10.30.2.40 என்ற முகவரியில் இருக்கிறது. வரம்புகள் மோதவில்லை. ஒருவர் இணைப்புக் கேட்டார், மற்றவர் ஏற்றார், நிலை `active` என்று மாறிவிட்டது. கடைப் பிரிவின் பொறியாளர் தன் வழி அட்டவணையில் 10.30.0.0/16 என்றால் பியரிங் வழியே போ என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டார். இருந்தும் செயலி டேட்டாபேஸைத் தொட முடியாமல் காத்திருந்து காத்திருந்து 'டைம்அவுட்' ஆகிறது.

காரணம், `active` என்ற சொல் இரு தரப்பும் சம்மதித்துவிட்டன என்பதை மட்டுமே சொல்கிறது. போக்குவரத்து நடக்கிறது என்று அது சொல்லவில்லை. அமேசானில் இரு பக்க அட்டவணையிலும் அவரவர்தான் வழியை எழுத வேண்டும். கடைப் பக்கம் எழுதியதால் கேள்வி போய்ச் சேர்ந்தது. கணக்குப் பக்கம் 10.20.0.0/16க்கு வழி எழுதாததால் பதில் திரும்ப வழியில்லாமல் தொலைந்துபோகிறது.

சில வேளைகளில் கணக்குப் பிரிவுப் பொறியாளர் வழியை எழுதியே இருப்பார். ஆனால் வலைப்பின்னலின் பிரதான அட்டவணையில் எழுதியிருப்பார். டேட்டாபேஸ் இருக்கும் சப்நெட்டுக்கோ தனி அட்டவணை இருக்கும். தனி அட்டவணை உள்ள சப்நெட் பிரதான அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. 'நான் எழுதிவிட்டேனே' என்று அவர் சொல்வதும் உண்மை, பதில் வராததும் உண்மை.

இதைக் கண்டுபிடிக்க டேட்டாபேஸ் சர்வரில் `tcpdump` என்ற கருவியை ஓட்டிப் பார்க்க வேண்டும். அது காட்டுவதைச் சுருக்கினால் இப்படி இருக்கும்:

```
10.20.1.15.51544 > 10.30.2.40.5432: Flags [S]
10.30.2.40.5432 > 10.20.1.15.51544: Flags [S.]
```

முதல் வரி, கேள்வி வந்தது. இரண்டாம் வரி, பதில் புறப்பட்டது. இதே இரண்டு வரிகள் திரும்பத் திரும்ப வந்தால், போகும் வழி சரி, திரும்பும் வழியில்தான் கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம். முதல் வரியே வராவிட்டால், அனுப்பும் பக்கத்து வழியையோ, நுழைவைத் தடுக்கும் செக்யூரிட்டி குரூப் விதியையோ பார்க்க வேண்டும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே மறுப்பு வந்தால் பெரும்பாலும் இரு பக்க வழியும் சரி. டேட்டாபேஸ்தான் ஓடாமல் இருக்கக்கூடும்.

கோளாறு தெரிந்த பின் தீர்வு ஒரே வரிதான்:

```
aws ec2 create-route --route-table-id rtb-... \
  --destination-cidr-block 10.20.0.0/16 \
  --vpc-peering-connection-id pcx-...
```

முகவரி மோதலுக்கு இப்படி ஒரு வரித் தீர்வு கிடையாது. வி.பி.சி.யின் முதன்மை வரம்பைப் பிறகு மாற்ற முடியாது. மோதாத இரண்டாவது வரம்பு ஒன்றைச் சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்க்கலாம்தான், ஆனால் இருக்கும் வரம்புகளில் ஏதேனும் ஒன்று மோதினாலும் பியரிங் மறுக்கப்படும். புதிய வரம்பில் வேறொரு வி.பி.சி. கட்டி, சர்வர்களை ஒவ்வொன்றாகக் குடிபெயர்க்க வேண்டியதுதான். ஒரே ஒரு சேவை மட்டும் தேவை என்றால் 'பிரைவேட்லிங்க்' உதவும். மறுபக்கத்துச் சேவைக்கு நம் வலைப்பின்னலிலேயே ஒரு முகவரியை அது ஒதுக்கித் தருவதால் மோதல் குறுக்கே வராது.

மைக்ரோசாஃப்ட் அஷூரிலும் கூகுள் கிளவுடிலும் வழி எழுதும் வேலை பெரும்பாலும் தானாகவே நடந்துவிடுகிறது. ஆனால் அங்கே பியரிங்கை இரு பக்கமும் தனித்தனியாக உருவாக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் இணைப்பு உயிர் பெறாது. முகவரி மோதலை அவர்களும் ஏற்பதில்லை.

ஆக, எளிதில் தெரியும் பிழையைச் சரிசெய்வது கடினம். எளிதில் சரியாகும் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். முதலாவதைத் தவிர்க்க, வி.பி.சி. உருவாக்கும் முன் எந்த வரம்பு யாருக்கு என்று நிறுவனம் முழுமைக்கும் ஒரே பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைத் தவிர்க்க, `active` என்று கண்டதும் வேலை முடிந்ததாக நினைக்காமல், எதிர்ப்பக்கச் சப்நெட்டின் அட்டவணையில் உங்கள் வரம்பு இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.