வாடகை வீட்டை உள்ளபடி காட்டும் படம்

வெளியூரிலிருந்து மாற்றலாகி வருவோர் பலர், இந்நாளில் கைப்பேசிக்கு வந்த படத்தைப் பார்த்தே வீட்டுக்கு முன்பணம் அனுப்பிவிடுகின்றனர். கட்டிலைப் போட்டால் பீரோவைத் திறக்க இடமில்லை என்பது, சாமான் லாரி வாசலில் வந்து நின்ற பிறகே தெரிகிறது. படம் எடுத்தவர் பொய் சொல்ல எண்ணியிருக்கமாட்டார். காமிராவின் இயல்பே அவ்வாறு காட்டிவிடும். அதற்கு இடங்கொடாமல் படம் எடுப்பது எவ்வாறு என்பதை, எங்கள் வீட்டு மாடிப் பகுதியை அண்மையில் படம் பிடித்த முறையைக் கொண்டே கூற விரும்புகிறேன்.

முதலாவது, செல்லும் வழி. தெருவாசலில் தொடங்கி, இடையில் நிறுத்தாமல், ஒரே ஓட்டமாகப் படம் எடுக்க வேண்டும். தனித்தனியே எடுத்து ஒட்டினால், எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போவது என்பது மறைந்துவிடும். எங்கள் மாடிக்கு ஏறப் பதினேழு படிகள் உள்ளன. கழிப்பறைக்குத் திறந்த மொட்டை மாடியைக் கடந்தே செல்ல வேண்டும். இவ்விரண்டையும் நடந்தே காட்டினேன். ஒவ்வொரு நிலையிலும் மூன்று விநாடி நின்று, பிறகு உள்ளே சென்று, இடக்கைப் பக்கத்துச் சுவரை ஒட்டியே சுற்றி, அதே நிலை வழியாக வெளியே வந்தேன். காமிரா மார்பளவு உயரத்தில், மேலும் கீழும் சாயாமல் இருத்தல் வேண்டும்.

அடுத்தது ஒளி. கைப்பேசிக் காமிரா, இருண்ட இடத்தைக் கண்டவுடன் தானாகவே ஒளியைக் கூட்டிக்கொள்ளும். சன்னல் எதிர்ப்பட்டால் குறைத்துக்கொள்ளும். ஆதலின் இருண்ட சமையலறையும் கூடத்தைப் போலவே வெளிச்சமாகத் தோன்றும். இதைத் தவிர்க்கும் வழி எளிது. திரையில் ஓரிடத்தில் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கைப்பேசிகளில் ஒளியளவு மாறாமல் நின்றுவிடும். காலை பத்து மணிக்கு, விளக்குகளை அணைத்துவிட்டு, கூடத்தின் நடுச் சுவரை நோக்கி அவ்வாறு நிறுத்திக்கொண்டு, அப்படியே சமையலறைக்குள் நுழைந்தேன். அங்கே வெளிச்சம் குறைவது திரையில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் நம் கண் இருளுக்குப் பழகிக்கொள்ளும். நிலைநிறுத்திய காமிரா பழகாது. ஆகவே படம் உண்மையைவிடச் சற்று இருண்டே காட்டும். அதற்காக, ‘விளக்கில்லாமல் இங்கே செய்தித்தாள் படிக்கலாம், அரிசியில் கல் பொறுக்க முடியாது’ என்று வாயாலும் சொன்னேன். பின்னரே விளக்கைப் போட்டுக் காட்டினேன்.

மூன்றாவதே மிகுதியாக ஏமாற்றுவது. பல கைப்பேசிகளில் 1 என்றும் 0.5 என்றும் இரு குறிகள் இருக்கும். 0.5 என்பது அகலமாகப் பார்க்கும் வில்லை. அது எல்லாப் பொருளையும் பாதி அளவாகக் காட்டும். பத்தடி தொலைவிலுள்ள சுவர், மற்ற வில்லையில் இருபதடிக்கு அப்பாலிருந்தால் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அவ்வளவு சிறிதாகத் தெரியும். சிற்றறை மண்டபமாவது இதனாலேதான். மேலும் படத்தின் ஓரத்திலுள்ள பொருள்கள் இழுபட்டு அகன்றுவிடும். ஓரத்தில் வரும் வட்டத் தட்டு முட்டை வடிவாகத் தோன்றினால், அது இந்த வில்லையின் வேலை என அறியலாம்.

ஆகையால் 1 என்ற குறியையே வைத்துக்கொண்டேன். அது ஒரே பார்வையில் அறை முழுவதையும் பிடிக்காது. மூலையில் முதுகைச் சாய்த்து நின்று, ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவர் வரை ஆறு விநாடிக்குக் குறையாமல் மெல்லத் திரும்பினால் போதும். பிறகு தரை ஓடுகளை எண்ணிக் காட்டினேன். எங்கள் படுக்கையறையில் இரண்டடிச் சதுர ஓடுகள் நீளத்தில் ஐந்து, அகலத்தில் நாலரை. எனவே அறை பத்தடிக்கு ஒன்பதடி. அகலத்தில் ஐந்தடிக் கட்டிலும் ஒன்றரை அடி ஆழமுள்ள பீரோவும் போக, மிஞ்சுவது இரண்டரை அடி. பீரோவின் ஒன்றரை அடிக் கதவு திறக்கும், ஒருவர் நிற்கலாம், படிப்பு மேசைக்கு இடமில்லை. பார்ப்பவர் இக்கணக்கைத் தம் ஊரில் இருந்துகொண்டே போட்டுக்கொள்ளலாம்.

குளியலறையில் மட்டும் பின்வாங்க இடமில்லாமையால் 0.5-ஐ வைத்தேன். அதை வாயால் சொல்லி, அளவு நாடாவையும் தரையில் விரித்துக் காட்டினேன்.

படம் நான்கரை நிமிடம் ஓடிற்று. அதைப் பார்த்த ஒரு குடும்பத்தினர், முதிய தாயாரை மழையில் மொட்டை மாடி கடந்து அழைத்துச் செல்ல இயலாது என்று கூறி வேண்டாம் என்றனர். வீடு மேலும் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது. அடுத்து வந்த இளந்தம்பதியர், மேசையைக் கூடத்தில் போடுவதென முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, சாமான்களுடன் நேரே வந்து இறங்கினர்.