கிரியேட்டினின் சரியாக இருந்தால் மட்டும் போதாது

‘கிட்னி டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்னு சொல்லிட்டாங்க’ என்பவரிடம் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். யூரியா, கிரியேட்டினின் இரண்டும்தான் இருக்கும். மற்றவர்களுக்கு அது ஓரளவு போதும். பாதரசத்தோடு வேலை செய்தவருக்குப் போதவே போதாது.

கொடைக்கானல் பாம்பார் சோலையை ஒட்டி 1983 முதல் 2001 வரை ஒரு வெப்பமானி ஆலை இயங்கியது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடப்பது 2001 மார்ச்சில் வெளியே தெரிந்ததும் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்களுக்கு உடல்நலக் கேடு இல்லை என்றே நிறுவனம் சொல்லி வந்தது. 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு எட்டப்பட்டது. பாதரச ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவருக்குச் சிறுநீரகத்தில் எந்த இடம் அடிபடும் என்பது தெரிந்தால்தான், எந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவது என்பதும் தெரியும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நெஃப்ரானின் தலைப்பகுதி மெல்லிய ரத்தக்குழாய் முடிச்சு. ரத்த அணுக்களையும் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களையும் நிறுத்திவிட்டு மற்றதை அது வடிக்கிறது. இப்படி ஒரு நாளில் வடிவது சுமார் 180 லிட்டர். நாம் கழிப்பதோ ஒன்றரை லிட்டர்தான். மீதியெல்லாம் ரத்தத்துக்கே திரும்புகிறது. முடிச்சை அடுத்த வளைந்த முதல் குழாயே உப்பிலும் நீரிலும் மூன்றில் இரண்டு பங்கை மீட்கிறது. சர்க்கரையையும், வடிந்து வந்த சிறு புரதங்களையும் ஏறக்குறைய முழுதாக மீட்பதும் அதுதான். அதன்பின் வரும் கொண்டை வளைவும் கடைசிக் குழாய்களும் உடம்பின் தேவைக்கு ஏற்ப நீரையும் உப்பையும் சரிக்கட்டுகின்றன.

மூன்றாவது வேலை சுரப்பு. முடிச்சில் வடியாமல் ரத்தத்தில் தங்கிய மருந்துகளையும் கழிவுகளையும் குழாயின் செல்கள் பக்கத்து ரத்தக்குழாயிலிருந்து இழுத்துச் சிறுநீரில் தள்ளுகின்றன. பாதரசம் புகும் வாசல்களில் இதுவும் ஒன்று. உள்ளே வந்தது எளிதில் வெளியேறாமல் அதே முதல் குழாயின் செல்களில் சேர்ந்து அவற்றைக் கெடுக்கிறது.

கிரியேட்டினின் காட்டுவது வடிகட்டலை மட்டுமே. அதுவும் வடிகட்டும் திறனில் ஏறத்தாழ பாதி போன பிறகே உயரத் தொடங்கும். குழாய் கெட்டு முடிச்சு நன்றாக இருந்தால் சீட்டில் எல்லாம் ‘நார்மல்’தான்.

ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். கிரியேட்டினின் 1.0, வெறும் வயிற்றுச் சர்க்கரை 92, சிறுநீரில் சர்க்கரை இரண்டு பிளஸ். ரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் சர்க்கரை தெரியும். இங்கே 92-இலேயே தெரிகிறது என்றால், மீட்கும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். கர்ப்பிணியா, டாபாக்ளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதலில் கேளுங்கள். இரண்டாலும் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். இரண்டும் இல்லையென்றால் இந்தச் சீட்டை மடித்து வைத்துவிட வேண்டாம்.

அடுத்துக் கேட்க வேண்டியது சிறுநீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின். சாதாரணக் குச்சிப் பரிசோதனை ஆல்புமினைத்தான் பிடிக்கும், இந்தச் சிறு புரதத்தை விட்டுவிடும். அமிலச் சிறுநீரில் இது சிதைந்துவிடும் என்பதால் காலை முதல் சிறுநீரைக் கொடுக்காதீர்கள். அதைக் கழித்துவிட்டு, தண்ணீர் குடித்து, அடுத்து வருவதை ஆய்வகத்திலேயே கொடுங்கள். ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின் செய்கிற ஆய்வகம் என்றால் இந்தத் தொல்லை இல்லை. மலையிலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும்; மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் சிறுநீரகவியல் பிரிவில் எங்கே செய்யலாம் என்று கேளுங்கள்.

‘சிறுநீரில் பாதரசம் இல்லை, ஆகவே பாதிப்பும் இல்லை’ என்று சொல்லும் அதிகாரிகள் இருக்கிறார்கள். உடம்பிலுள்ள பாதரசம் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 2001-இல் வேலையை விட்டவரிடம் இன்று தேடினால் பழைய பாதரசம் கிடைக்காது. அந்தச் சோதனை இப்போது பாதரசத்தோடு பழகுபவருக்கு மட்டுமே உதவும். அதேபோல், இன்று குழாய் கெட்டிருந்தாலும் பாதரசம்தான் காரணம் என்று அந்த ஒரு சீட்டை வைத்து நிரூபிக்க முடியாது. வலி மாத்திரை உட்பட வேறு காரணங்களும் உண்டு.

அதனால்தான் வேலை விவரம் எழுத்தில் இருக்க வேண்டும். ‘பாதரச வேலை, இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை’ என்று ஓபி சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதச் சொல்லுங்கள். வேலை அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றின் நகலைக் கூடவே கொண்டுபோங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் ஒழுங்குமுறை விதிகள். மனுவாக எழுதிக் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

தொழிற்சாலையில் வேலை செய்பவருக்குப் பாதரச நஞ்சேற்றம் என்று மருத்துவர் கண்டால், அதைத் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிப்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவுப்படி அவரது கடமையாக இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை உண்டு. மருத்துவர் அனுப்பிவிட்டார் என்று நம்பி உட்கார்ந்திருக்காமல், நகல் ஒன்றைக் கேட்டு வாங்கித் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு நீங்களும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.