65 ஆண்டு கழித்து வந்த தட்டம்மை

1846 மார்ச் 28 அன்று கோபன்ஹேகனிலிருந்து வந்த தச்சர் ஒருவர், வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளின் டோர்ஷாவ்ன் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கினார். ஊரை விட்டுக் கிளம்பும் முன் தட்டம்மை கண்ட சிலரை அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் அவருக்கே உடம்பில் தடிப்பு போட்டது. அடுத்து அவருடைய நெருங்கிய நண்பர்கள் இரண்டு பேர் படுத்தார்கள். சுமார் ஆறு மாதத்துக்குள், அந்தத் தீவுகளின் 7,782 மக்களில் ஏறக்குறைய 6,000 பேருக்கு நோய் வந்து போய்விட்டது.

நம்மூரில் மணல்வாரி என்று சொல்லும் அதே தட்டம்மைதான். ஆனால் ஃபாரோவில் அது 1781-க்குப் பிறகு தலைகாட்டியதே இல்லை. தீவுகளில் வணிகம் முழுக்க டென்மார்க் அரசின் கையில் இருந்தது, வந்து போகும் கப்பல்கள் குறைவு. தட்டம்மை ஓர் ஊரில் தங்க வேண்டுமானால் நோய் காணாத புதிய உடம்புகள் அதற்குக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சில லட்சம் பேர் வாழும் நகரத்தில் பிறக்கும் குழந்தைகள் அதற்குப் போதும். எட்டாயிரம் பேர் இருக்கும் தீவுகளில் அது எல்லோரையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தானே அணைந்துவிடும். அப்படி அணைந்து 65 ஆண்டு ஆகியிருந்தது.

நோயை ஆராய டென்மார்க் அரசு இரண்டு இளம் மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவர் பீட்டர் லுட்விக் பனும், அப்போது அவருக்கு வயது 25. வைரஸ் என்ற ஒன்று இருப்பது அன்று யாருக்கும் தெரியாது. தட்டம்மை கெட்ட காற்றால் வருகிறதா, ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டுகிறதா என்ற வாதமே முடியாத காலம். அவர் கையில் இருந்தவை ஒரு நோட்டும் ஒரு கேள்வியும்தான்: தடிப்பு எந்தத் தேதியில் போட்டது?

அந்தக் கேள்வியைத்தான் கவனிக்க வேண்டும். காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்; காய்ச்சலுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். தடிப்பு வந்த நாள் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். இன்று நோய்ப்பரவலை விசாரிக்கப் போகிறவர்கள் முதலில் செய்வதும் இதுதான். யாரை நோயாளி என்று எண்ணுவது என்பதற்கு ஒரு வரையறை எழுதிக்கொள்கிறார்கள்: இன்ன தேதிக்குப் பிறகு, இன்ன பகுதியில், காய்ச்சலும் தடிப்பும் கூடவே இருமலோ சளியோ கண் சிவப்போ இருந்தவர் என்பதுபோல. பிறகு ஆளுக்கொரு வரியாகப் பட்டியல் போடுகிறார்கள்: வயது, தெரு, நோய் தொடங்கிய நாள், அதற்கு முன் எங்கே போனார், யாரைப் பார்த்தார். வரையறையைத் தளர்வாக வைத்தால் வேர்க்குருவெல்லாம் கணக்கில் ஏறும். இறுக்கிப் பிடித்தால் இலேசாக வந்துபோனவர்கள் விடுபடுவார்கள். விசாரணை பாதியில் இருக்கும்போது வரையறையை மாற்றிவிட்டு முதல் வாரத்து எண்ணோடு மூன்றாம் வாரத்து எண்ணை ஒப்பிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தப்பு.

பனும் ஊர் ஊராகப் படகில் போய்த் தேதிகளைச் சேகரித்தார். அவற்றில் ஷோர்னுவிக் என்ற சிற்றூரின் தேதிகள் இன்றும் பாடமாக இருக்கின்றன. ஜூன் 4 அன்று அந்த ஊரிலிருந்து பத்து ஆண்கள் ஒரே படகில் வெஸ்ட்மன்னா என்ற ஊருக்குத் திமிங்கல வேட்டைக்குப் போனார்கள். ஜூன் 18 அன்று பத்துப் பேருக்கும் தடிப்பு போட்டது. தொற்றிய நாளிலிருந்து தடிப்பு வரை 14 நாள் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது. மற்ற ஊர்களிலும் 13 அல்லது 14 நாள் என்றே வந்தது. ஓர் ஊரில் முதல் ஆள் படுப்பார், இரண்டு வாரம் ஒன்றும் இருக்காது, பிறகு ஒரு கூட்டம் படுக்கும், மறுபடி இரண்டு வாரம் கழித்து அடுத்த கூட்டம். இடைவெளி விட்டு அலை அலையாக வந்தால் நோய் ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுகிறது என்று பொருள். எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வாங்கிக்கொண்டிருந்தால் ஒரே ஒரு மேடுதான் எழும், அந்தப் பத்துப் பேருக்கு எழுந்ததுபோல. காற்றுதான் காரணமென்றால் தீவு முழுவதும் ஒன்றாகப் படுத்திருக்க வேண்டுமே. தட்டம்மை தொற்றினால் மட்டுமே வரும் என்று பனும் அடித்துச் சொன்னது இந்தத் தேதிகளின் பலத்தில்தான்.

இனி எண்களுக்கு வருவோம். 7,782 பேரில் 6,000 பேர் என்றால் நூற்றுக்கு 77. நோய்க்கு ஆளாகக்கூடிய நிலையில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதைத்தான் தாக்கு விகிதம் என்கிறோம். கணக்கு சுலபம்; கீழே எதைப் போட்டு வகுப்பது என்பதில்தான் சிக்கல். 1781-இல் குழந்தைகளாக இருந்தபோது தட்டம்மை கண்ட முதியவர்கள் 1846-இலும் உயிரோடு இருந்தார்கள். பனும் அப்படிப்பட்ட 98 பேரைப் பற்றி எழுதுகிறார். ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை வரவில்லை. அதே வயதில், முன்பு நோய் காணாமல் தப்பித்திருந்த முதியவர்களையோ தட்டம்மை விட்டுவைக்கவில்லை. ஆகவே அவர்களைக் காப்பாற்றியது முதுமையல்ல, பழைய நோய்தான். ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் காப்பு என்ற கருத்துக்கு இது நல்ல சான்று.

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம்; இது எடுத்துக்காட்டுக்காக நான் போடும் கணக்கு. வீட்டில் பத்துப் பேர். ஒருவர் வெளியிலிருந்து நோயைக் கொண்டுவந்தார். தாத்தாவும் பாட்டியும் 1781-இலேயே நோய் கண்டவர்கள். மீதி ஏழு பேரில் ஆறு பேர் படுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பத்துக்கு ஏழு, அதாவது 70 சதவீதம். ஆனால் வீட்டுக்குள் நோய் எவ்வளவு தொற்றுகிறது என்று தெரிய வேண்டுமானால், கொண்டுவந்தவரையும் காப்பு உள்ள இருவரையும் விட்டுவிட்டு ஏழுக்கு ஆறு என்று எடுக்க வேண்டும். அது 86 சதவீதம். இதை இரண்டாம்நிலைத் தாக்கு விகிதம் என்பார்கள். காப்பு இல்லாதவர்கள் உள்ள வீட்டில் தட்டம்மைக்கு இது ஏறத்தாழ 90 சதவீதம்.

கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புகுந்த ‘ஆர்-நாட்’ அடுத்தது. யாருக்குமே காப்பு இல்லாத ஊரில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார் என்பதே இந்த அடிப்படைப் பரவல் எண். தட்டம்மைக்கு 12 முதல் 18 என்று சொல்வது வழக்கம். 15 என்று வைத்தால், ஒருவர் இரண்டு வாரத்தில் 15 பேருக்கும், அவர்கள் அடுத்த இரண்டு வாரத்தில் 225 பேருக்கும் கொடுக்க வேண்டும். நூறு பேர் இருக்கும் மீனவர் ஊரில் அத்தனை பேருக்கு எங்கே போவது? இரண்டாம் மூன்றாம் அலையோடு ஊரே படுத்துவிடும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. மொத்த மக்களில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதிலிருந்து பரவல் எண்ணைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. 77 சதவீதத்தை அதில் போட்டால் விடை 15 அல்ல, 2-க்கும் சற்றுக் கீழே! பரவல் எண் உண்மையிலேயே 15 என்றால் அநேகமாக ஒருவர் விடாமல் எல்லோருக்கும் வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் எது பொய்?

இரண்டும் பொய்யல்ல. எல்லோரும் எல்லோரோடும் சரிசமமாகப் பழகுகிறார்கள் என்பது அந்தச் சூத்திரத்தின் அடிப்படை. ஃபாரோவில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே கடல். சில வீடுகளும் ஊர்களும் வெளியாரை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டன. தப்பித்தவர்களில் காப்பு உள்ள முதியவர்கள் போக, மற்றவர்களில் பலர் நோயையே சந்திக்காதவர்கள். நோய் நுழைந்த ஊரில் கிட்டத்தட்ட எல்லோரும், நுழையாத ஊரில் ஒருவரும் இல்லை. இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் 77, எந்த ஊரின் நிலைமையையும் சொல்வதில்லை. பரவல் எண் கிருமிக்கு மட்டும் சொந்தமானதல்ல. மனிதர்கள் எப்படிக் கலந்து வாழ்கிறார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது.

கூட்டு நோயெதிர்ப்பின் வரம்பும் இதே எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. ஒரு நோயாளி 15 பேருக்குக் கொடுக்க வல்லவர்; அந்த 15 பேரில் 14 பேருக்குக் காப்பு இருந்தால் அவரால் ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். அதற்குமேல் காப்பு கூடினால் நோய் தேயத் தொடங்கும். ஆக வரம்பு 15-க்கு 14, நூற்றுக்கு 93. சூத்திரமாக எழுதினால் 1 − 1/R0. மொத்தக் கணக்கில் கிடைத்த அந்த 2-ஐ நம்பி இதில் போட்டிருந்தால் 50 சதவீதம் போதும் என்று விடை வந்திருக்கும். அந்த விடையை வைத்துத் தடுப்பூசித் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபாரோவின் முதியவர்கள் ஊரைக் காக்க முடியாமல் போனதும் இதனால்தான்: அவர்களுக்குக் காப்பு இருந்தது, 93 சதவீதத்துக்கு அருகில்கூட வராத கொஞ்சம் பேராக இருந்தார்கள்.

இன்னொன்று. வரம்பைத் தொட்டதும் நோய் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை ஏறுவது நிற்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே படுத்திருப்பவர்கள் தொற்றைக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். நோயைப் பரவவிட்டே கூட்டு நோயெதிர்ப்பை அடையலாம் என்ற யோசனை, வரம்பைத் தாண்டிப் படுப்பவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தடுப்பூசிக்கு வந்தால், இரண்டு தவணை போட்டவர்களில் நூற்றுக்கு 97 பேர் அளவில் காப்புப் பெறுகிறார்கள். ஆகவே 93 பேருக்குக் காப்பு வேண்டுமானால் ஏறக்குறைய 96 பேருக்குப் போட்டாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இரண்டு தவணையிலும் 95 சதவீதத்தை வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். அதிலும் ஃபாரோவின் சராசரிப் பிரச்சினை அப்படியே வந்து உட்காருகிறது. ஒரு மாவட்டத்தில் 95 சதவீதம் போட்டாயிற்று என்று அறிக்கை சொல்லும். அதே மாவட்டத்தில் வேலைக்காக ஊர் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் தங்கும் ஒரு குடியிருப்பில் 60 சதவீதம் மட்டுமே போட்டிருக்கலாம். அங்கே காப்பு உள்ளவர்கள் 58 சதவீதம், இல்லாதவர்கள் 42. பதினைந்தை அந்த 42 சதவீதத்தால் பெருக்கினால் 6.3. ஒரு நோயாளி உள்ளே வந்தால் ஆறு பேர், ஆறு பேரிலிருந்து நாற்பது பேர் அளவில் போகும். அதனால், தட்டம்மை கண்ட ஊருக்குள் போகிற விசாரணைக் குழு மாவட்ட சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு, தெருவாரியாகத் தடுப்பூசிப் பதிவேட்டைக் கேட்கும். பதிவேட்டில் பெயரே இல்லாத குழந்தைகளைத் தேடி வீடு வீடாகப் போகும்.