பச்சைத் திரைக்குத் தனி விளக்கு

கிரீன் மேட் முன்னால் ஆளை நிறுத்திப் படம் பிடித்து, பின்னணியை நீக்கி வேறு காட்சி வைப்பது இன்று சின்ன ஸ்டூடியோக்களிலும் நடக்கிறது. வெட்டியெடுத்த உருவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் குறை தெரியும். முடி ஓரத்தில் பச்சை நூல் ஓடும், தாடை விளிம்பில் பாசி படர்ந்ததுபோல் இருக்கும். அதை எடிட்டர் மணிக்கணக்கில் துடைக்க வேண்டியிருக்கிறது. இதில் பெரும்பகுதியைப் படப்பிடிப்பிலேயே தவிர்த்துவிடலாம்.

இடம் குறைவு என்று ஆளைத் திரையை ஒட்டி நிறுத்தி, ஒரே விளக்கால் இரண்டுக்கும் வெளிச்சம் கொடுக்கிறார்கள். ஆளின் நிழல் திரையில் விழுகிறது, அங்கே பச்சை கறுத்துப்போகிறது. திரையில் பட்ட ஒளியும் பச்சையாகத் திரும்பி ஆள்மேல் படிகிறது.

ஆளைத் திரையிலிருந்து 8 அடி முன்னால் கொண்டுவாருங்கள். முக விளக்கை முகத்திலிருந்து 4 அடியில், ஒரு பக்கமாக வையுங்கள். திரைக்கு அந்த விளக்கு ஏறத்தாழ 12 அடி தொலைவு, அதாவது மூன்று மடங்கு. தூரம் மூன்று மடங்கானால் ஒளி ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். முக விளக்கு திரையை அதிகம் தொடாததால், திரையின் வெளிச்சம் முழுக்க நம் கைக்கு வந்துவிடுகிறது. திரைக்கென்று இரண்டு விளக்குகளை இடமும் வலமும் சாய்வாக வைத்து, ஆள்மேல் சிந்தாதபடி கறுப்பு அட்டையால் மறையுங்கள்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க முக விளக்கை அணைத்து, திரை விளக்குகளை மட்டும் எரியவிடுங்கள். ஆள் கரிய நிழலுருவாகத் தெரிய வேண்டும். தோளிலோ காதோரத்திலோ பச்சைக் கோடு மின்னினால் இன்னும் இரண்டு அடி முன்னே வரச் சொல்லுங்கள்.

திரை ஒரே சீராக இருக்கிறதா என்பதை கேமராவின் ஸீப்ரா கோடுகள் சொல்லும். அப்பர்ச்சரை மெல்லத் திறக்கும்போது திரை முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கோடுகள் வந்தால் சீராக இருக்கிறது. ஒரு மூலையில் முதலில் வந்தால் அந்தப் பக்கத்து விளக்கைத் தள்ளி வையுங்கள்.

திரையை முகத்தைவிடப் பிரகாசமாக்க வேண்டியதில்லை, அதனால் பச்சைச் சிதறல்தான் கூடும். முகத்துக்குச் சமமாகவோ அரை ஸ்டாப் குறைவாகவோ இருந்தால் போதும். அதற்கும் மிகக் கீழே போனால் பச்சைப் பரப்பில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் சேரும். பெரும்பாலான கேமராக்கள் வீடியோவில் நிறத்தை வெளிச்சத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தோடுதான் பதிகின்றன. ஆகவே அந்த இரைச்சலும் சேர்ந்தால் முடியிழைகளின் விளிம்பு படிப்படியாக உடையும்.

தங்க நகையும் பட்டுச் சேலையின் ஜரிகையும் வேறு ரகம். அவை கண்ணாடிபோல் திரையையே காட்டுவதால் தூரம் மட்டும் முழுதாகக் காப்பாற்றாது. சட்டகத்துக்கு வெளியே இருக்கும் பச்சையைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். பச்சைத் தரையில் முழு உருவமாக நின்றால் பாதத்தைத் திரையிலிருந்து விலக்க வழியே இல்லை. காட்சிக்குத் தேவையில்லாவிட்டால் இடுப்புவரை மட்டும் எடுங்கள்.